எலும்பு செத்தாலும் சாகாத குருத்தெலும்பு

முழங்கால் திடீரென்று பூட்டிக்கொள்கிறது, கொஞ்சம் ஆட்டினால் விட்டுவிடுகிறது என்று வரும் இளைஞர்கள் சிலருக்கு மூட்டுக்குள்ளே ஒரு துண்டு கழன்று சுற்றிக்கொண்டிருக்கும். தொடையெலும்பின் கீழ்முனையில் இருந்து குருத்தெலும்பும் அதன் அடியில் ஒட்டியிருந்த எலும்பும் சேர்ந்தே பெயர்ந்து விழுந்த துண்டு அது. இன்று இங்கே, நாளை அங்கே என்று ஓடுவதால் மருத்துவர்கள் இதை ‘மூட்டு எலி’ என்று சொல்வதுண்டு. மூட்டுக்குள் பார்க்க உதவும் ஆர்த்ராஸ்கோப் என்ற மெல்லிய குழாய்க் கருவியை விட்டு எடுத்து, மெல்லிய சீவலாக வெட்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஒரே துண்டில் இரண்டு கதை தெரியும். எலும்புப் பகுதியில் செல்கள் இருந்த குழிகள் எல்லாம் காலி, அதாவது எலும்பு செத்துவிட்டது. அதன் மேலிருக்கும் குருத்தெலும்பிலோ செல்கள் உட்கருவோடு பத்திரமாக இருக்கும். சில துண்டுகளில் புதுப்புது அடுக்குகள் படிந்து, விழுந்த அன்று இருந்ததைவிடப் பெரிதாகவே வளர்ந்திருக்கும்.

இரண்டுக்கும் ஒரே நாளில்தான் ரத்தத் தொடர்பு அறுந்தது. எலும்புக்கு அது சாவு, குருத்தெலும்புக்கு எந்த இழப்பும் இல்லை. ஏனென்றால் வளர்ந்தவர்களின் மூட்டுக் குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாயே கிடையாது, அது சாப்பிடுவது தன்னைச் சுற்றியிருக்கும் மூட்டுத் திரவத்தில் இருந்து.

அந்தத் திரவம் எங்கிருந்து வருகிறது? மூட்டு உறையின் உள்பக்கத்தை ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது, அதைத்தான் சைனோவியம் என்கிறோம். மேல் அடுக்கில் செல்கள் ஒன்று முதல் நான்கு வரிசைதான், அதுவும் தோலில் இருப்பது போல நெருக்கமாகத் தைத்தாற்போல் இல்லை, இடையிடையே இடைவெளி, அடியில் தடுப்புச் சவ்வும் இல்லை. அதற்குக் கீழே மிக அருகிலேயே சிறு துளைகள் உள்ள ரத்தத் தந்துகிகள். அதனால் ரத்தத்தின் நீர்ப்பகுதி, குளுக்கோஸ், உப்புகள் எல்லாம் தடையின்றி மூட்டுக்குள் கசிகின்றன, பெரிய புரதங்கள் மட்டும் பெரும்பாலும் பின்தங்கிவிடுகின்றன. இப்படிக் கசிந்த நீரில் சவ்வின் செல்கள் ஹையலுரோனிக் அமிலத்தைச் சேர்ப்பதால்தான் அது முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி கொழகொழப்பாகிறது. முழங்கால் போன்ற பெரிய மூட்டிலேயே இது சில மில்லிலிட்டர்தான் இருக்கும். ஆட்டுக்கால் மூட்டைப் பிரிக்கும்போது விரலில் நூல் மாதிரி இழுபடுவது இதுதான். எலும்பு முனையில் நீலம் கலந்த வெள்ளையாக, நகம் வழுக்கும் அளவுக்கு வழவழப்பாக இருப்பதுதான் நாம் பேசும் குருத்தெலும்பு. (நம் ஊரில் இதையும் ஜவ்வு என்போம், தசைநாரையும் ஜவ்வு என்போம், இரண்டும் வேறு வேறு.)

சரி, திரவம் வந்துவிட்டது. இனி இரண்டிலிருந்து நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள குருத்தெலும்பைத் தாண்டி அடிவரை உணவு போய்ச்சேர வேண்டும். போகிற வழி ஒரே மாதிரி இல்லை. சாஃப்ரனின் என்ற சாயத்தில் ஊறவைத்த சீவலைப் பார்த்தால் மேல்விளிம்பு வெளிறியும் கீழே போகப் போகச் சிவப்பு ஏறியும் இருக்கும். அந்தச் சிவப்பு, தண்ணீரைப் பிடித்துவைக்கும் அக்ரிகன் எங்கே எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. வெளிறிய மேல் மண்டலத்தில் கொலாஜன் இழைகள் பாய் பின்னியது போல மேற்பரப்புக்கு இணையாகப் படுத்திருக்கும், செல்களும் தட்டையாகப் படுத்திருக்கும். மூட்டு உராயும்போது இழுபடுவதைத் தாங்குவதும், பெரிய மூலக்கூறுகளை வடிகட்டி நிறுத்துவதும் இந்த மெல்லிய பாய்தான். அதற்குக் கீழே நடு மண்டலம், செல்கள் உருண்டையாகச் சிதறிக்கிடக்கும், இழைகள் சாய்ந்து வளையும். ஆழ் மண்டலத்தில் இழைகள் எலும்புக்குச் செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும், செல்கள் தூண் தூணாக அடுக்கப்பட்டிருக்கும். நிமிர்ந்து எழும் இழை மேலே போய் வளைந்து படுப்பதை ஒரு வளைவாகப் பார்த்து 1925-இல் ஜெர்மன் உடற்கூறு நிபுணர் பென்னிங்ஹோஃப் வரைந்து காட்டிய படம் இன்றும் பாடங்களில் இருக்கிறது. ஆழ் மண்டலம் முடிகிற இடத்தில் அலையலையாக ஒரு கோடு ஓடும், அதற்குக் கீழே சுண்ணாம்பு ஏறிய குருத்தெலும்பு, அப்புறம் எலும்பு. வளர்ந்தவர்களில் கீழிருந்து உணவு வருவதற்கு இந்தச் சுண்ணாம்பு அடுக்கு பெரிய தடை.

குளுக்கோஸ் மேலிருந்து அடிவரை போக எவ்வளவு நேரமாகும் என்று நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தூரத்தின் வர்க்கத்தை, பரவும் வேகத்தைச் சொல்லும் எண்ணின் இரண்டு மடங்கால் வகுத்தால் நேரம் கிடைக்கும். குருத்தெலும்புக்குள் குளுக்கோஸின் அந்த எண் நொடிக்குச் சுமார் 0.000003 சதுர சென்டிமீட்டர். 2 மில்லிமீட்டர் என்றால் 0.2 சென்டிமீட்டர், அதன் வர்க்கம் 0.04, அதை 0.000006-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 6,700 நொடி, இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இங்கே செல்கள் மிகக் குறைவு, மொத்தக் கன அளவில் சில சதவீதம்தான், அவையும் ஆக்சிஜனைப் பெரிதாக நம்பாமல் குளுக்கோஸை உடைத்து லாக்டிக் அமிலமாக்கி வாழ்கின்றன. அதனால் இந்த வேகம் போதும். ஆனால் தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகிவிடும். குருத்தெலும்பு நினைத்தபடி தடித்துக்கொள்ள முடியாததற்கு இது ஒரு காரணம்.

நடக்கும்போது குருத்தெலும்பு ஸ்பாஞ்ச் போலப் பிழிந்து உறிஞ்சித்தான் சாப்பிடுகிறது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது பாதி உண்மை. உள்ளே இருக்கும் துளைகள் நானோமீட்டர் அளவில் இருப்பதால், ஒரு காலடி விழும் நொடிக்குள் நீர் வெளியேற நேரமே கிடைக்காது, அந்த நீரின் அழுத்தம்தான் எடையில் பெரும்பங்கைச் சுமக்கிறது. ஐம்பது முறை தோப்புக்கரணம் மாதிரி உட்கார்ந்து எழுந்தபின் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் முழங்கால் சில்லின் குருத்தெலும்பு சில சதவீதம்தான் சுருங்கியிருந்தது, பழைய நிலைக்குத் திரும்ப ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலானது. குளுக்கோஸ் போன்ற சின்ன மூலக்கூறுகளுக்கு இந்தப் பிழிதல் தேவையே இல்லை, அவை தானாகப் பரவிவிடும். வளர்ச்சிக் காரணிகள் போன்ற பெரிய மூலக்கூறுகளுக்குத்தான் அழுத்தி விடுவதால் வரும் நீரோட்டம் உதவுகிறது. இன்னொன்று, மூட்டு அசையும்போது திரவம் கலக்கப்படுகிறது. அசைவில்லாவிட்டால் குருத்தெலும்பை ஒட்டிய படலத்தில் குளுக்கோஸ் குறைந்து கழிவு தேங்கும். செல்களும் அழுத்தத்தை உணர்ந்துதான் அக்ரிகன் செய்கின்றன, மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும் காலில் குருத்தெலும்பு மெலிவது அதனாலும்தான்.

சாப்பாட்டுத் தட்டே கெட்டுப்போவதும் உண்டு. மூட்டில் சீழ் பிடித்தால் பாக்டீரியாவும் வெள்ளணுக்களும் குளுக்கோஸைத் தின்றுவிடுகின்றன. சாதாரணமாக மூட்டுத் திரவத்தின் சர்க்கரை ரத்தச் சர்க்கரைக்கு அருகிலேயே இருக்கும், சீழில் அது வெகுவாகக் கீழே போய்விடும். ஊசியில் எடுத்த திரவத்தைச் சொட்டவிட்டால் நல்ல திரவம் சில சென்டிமீட்டர் நீள நூலாக இறங்கும், அழற்சியில் ஹையலுரோனிக் அமிலம் சிதைந்துபோவதால் தண்ணீர் மாதிரி சொட்டுச் சொட்டாக விழும். வெள்ளணுக்கள் விடும் நொதிகள் சில நாட்களிலேயே அக்ரிகனைக் கரைத்துவிடும் என்பதால் சீழ் பிடித்த மூட்டை அவசரமாகக் கழுவுகிறார்கள்.

ரத்தம் இல்லாததற்கு ஒரு விலையும் உண்டு. மேல் அடுக்கில் ஒரு கீறல் விழுந்தால் அங்கே ரத்தம் உறையாது, பழுதுபார்க்கும் செல்கள் வந்துசேர வழியில்லை, கீறல் அப்படியே நிற்கும். குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் மீளாது என்று ஸ்காட்லாந்து உடற்கூறு நிபுணர் வில்லியம் ஹண்டர் 1743-இலேயே எழுதிவிட்டார்.

இடுப்பு மூட்டில் ரத்த ஓட்டம் நின்று தொடையெலும்பின் தலை செத்துப்போகும் நோயிலும் மூட்டு எலியில் பார்த்த அதே காட்சிதான். அடியில் எலும்பு செத்துக்கிடக்க, மேலே குருத்தெலும்பு திரவத்தைக் குடித்து உயிரோடிருக்கும், எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளியும் குறையாமல் தெரியும். பல மாதங்கள் கழித்து அடியிலிருக்கும் செத்த எலும்பு நொறுங்கி அமுங்கும்போதுதான், தாங்க இடமில்லாமல் குருத்தெலும்பும் மடங்கிக் கிழிகிறது.