பாசிட்டிவ்: 'உறுதி' என்று எழுதலாமா?

பரிசோதனை முடிவில் வரும் 'பாசிட்டிவ்' என்பதற்குத் தமிழில் 'நேர்மறை' என்கிறோம். கொரோனா காலத்துச் செய்திகளில் 'தொற்று உறுதி' என்றே வந்தது. அந்த உறுதி ஆங்கிலச் சொல்லுக்குள்ளேயும் உண்டு. லத்தீன் 'பொசிட்டுஸ்' என்றால் வைக்கப்பட்டது. அதிலிருந்து 'விதித்து வைத்தது', அப்புறம் 'ஐயத்துக்கு இடமில்லாதது' என்று பொருள் வளர்ந்தது. ஆய்வகத்தில் அதற்கு அவ்வளவு கனம் கிடையாது. தேடிய அடையாளம் சோதனையில் தெரிந்தது, அவ்வளவுதான்.

1978-ல் ஹார்வர்டைச் சேர்ந்த மருத்துவமனைகளில் மருத்துவர்கள், மாணவர்கள் என 60 பேரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரு நோய் ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கிறது. அதற்கான சோதனை நோயில்லாதவர்களில் 5 சதவீதம் பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் காட்டும். அறிகுறி உண்டா இல்லையா என்று நமக்குத் தெரியாத ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்தால், நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? 27 பேர் 95 சதவீதம் என்றார்கள். 11 பேர்தான் சரியாகச் சொன்னார்கள்.

சதவீதத்தை விட்டுவிட்டு ஆட்களை எண்ணிப் பார்ப்போம். நோயுள்ளவர் யாரையும் சோதனை தவறவிடாது என்று வைத்துக்கொள்வோம்.

| | பாசிட்டிவ் | நெகட்டிவ் | மொத்தம் |
|---|---|---|---|
| நோய் உண்டு | 1 | 0 | 1 |
| நோய் இல்லை | 50 | 949 | 999 |
| மொத்தம் | 51 | 949 | 1000 |

999 பேரில் 5 சதவீதம் ஏறக்குறைய 50. ஆகவே பாசிட்டிவ் வந்த 51 பேரில் ஒருவருக்குத்தான் நோய், அதாவது சுமார் 2 சதவீதம். 95 என்றவர்கள் தடுக்கி விழுந்த இடம் இதுதான்: அந்த 5 சதவீதம் நோயில்லாதவர்களில் எடுத்த கணக்கு, பாசிட்டிவ் வந்தவர்களில் எடுத்ததல்ல. அட்டவணையில் ஒன்று குறுக்கு வரிசை, மற்றது நெடுக்கு வரிசை. யானைக்கு நாலு கால் என்பதால் நாலு கால் உள்ளதெல்லாம் யானையாகிவிடுமா?

இப்படி ஆட்களாக எண்ணுவதை ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகெரென்ட்சர் பரப்பினார். 'இயல்பு எண்ணிக்கை' என்று சொல்லலாம். ஒரு எச்சரிக்கை: காய்ச்சலும் இருமலுமாக வந்து படுத்தவருக்கு இந்த அட்டவணை பொருந்தாது. அவர் ஆயிரத்தில் ஒருவர் அல்ல, முதல் வரிசையின் எண்ணே அவருக்கு மாறிவிடும்.

சரி, தமிழில் என்ன எழுதுவது? 'நேர்மறை' கேட்டால் நல்ல செய்தி போலிருக்கிறது. 'உறுதி' அந்த 50 பேருக்கும் நோயைச் சூட்டிவிடுகிறது. எனக்குப் பிடித்தது 'பிடிபட்டது'. வலையில் மீனும் பிடிபடும், பாசியும் பிடிபடும். எச்.ஐ.வி. முடிவுகளில் 'ரியாக்டிவ்', அதாவது 'வினை காட்டியது' என்று அச்சிடுகிறார்கள், அதுவும் நேர்மையான சொல்தான். அறிகுறியில்லாதவருக்கு அது வந்தால், வேறு வேறு கிட்டுகளில் மறுபடி சோதித்த பிறகே 'உறுதி' என்ற சொல்லை எடுப்பார்கள்.