அட்டவணை இல்லாமலே கடன் நிலுவையைக் கண்டறிதல்

வீட்டுக் கடனில் 8 ஆண்டுகள் தவணை கட்டியபின் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்பதை, 96 வரிகள் கொண்ட அட்டவணை போடாமல் அறிய முடியுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். முடியும், அதற்கு இரண்டு வழிகள் உள்ளன.

கடன் 20 லட்சம் ரூபாய், ஆண்டு வட்டி 9%, அதாவது மாதத்துக்கு 0.75%, காலம் 240 மாதங்கள் என்று கொள்வோம். மாதத் தவணை 17,994.52 ரூபாய்.

முதல் வழி முன்நோக்கு முறை. இனி வரவேண்டிய 144 தவணைகளின், அவற்றிலுள்ள வட்டியைக் கழித்த இன்றைய மதிப்பே நிலுவை. ஏனெனில் எஞ்சிய கடனை அடைக்கப் போவது அவை மட்டுமே. நிலுவை B, தவணை E, மாத வட்டி i, எஞ்சிய தவணைகள் m எனில்:

```
B = E × (1 − (1+i)^(−m)) / i
```

விடை 15,81,198 ரூபாய்.

இரண்டாவது பின்நோக்கு முறை; எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒவ்வொரு மாதமும் நிலுவை 1.0075 ஆல் பெருகி, பின் அதிலிருந்து தவணை கழிகிறது. பெருக்கலும் கழித்தலும் மட்டுமே நடப்பதால், கடனையும் தவணைகளையும் தனித்தனியாக வளரவிட்டு, கடைசியில் ஒரே முறை கழித்தாலும் அதே விடை கிடைக்கும். ஒரு தவணையும் கட்டாதது போலக் கடனை வளரவிட்டால் 96 மாதங்களில் அது 40,97,842 ரூபாய் ஆகும். கட்டிய தவணைகள் அனைத்தும் அதே வட்டி தரும் சேமிப்பில் சேர்ந்திருந்தால் 25,16,644 ரூபாய் ஆகியிருக்கும். கழித்தால் மீண்டும் 15,81,198. இதற்குத் தேவையான பெருக்குத் தொடரின் கூடுதலைப் பத்தாம் வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். அங்கேயே இந்தக் கணக்கையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இரு விடைகளும் எப்போதும் பொருந்துவதில்லை. தவணையை 17,995 ரூபாய் என முழுமையாக்கினால், பின்நோக்கு முறை 15,81,131 என்றும் முன்நோக்கு முறை 15,81,240 என்றும் சொல்லும். மாதந்தோறும் சுமார் 48 காசு கூடுதலாகக் கட்டுவதால் 240-ஆவது தவணை ஏறத்தாழ 321 ரூபாய் குறைந்துவிடும். முன்நோக்குச் சூத்திரமோ கடைசித் தவணையும் முழுத் தவணை என்றே எண்ணுகிறது. அந்த 321 ரூபாயின் மதிப்பு, 144 மாதங்களுக்கு முன் 109 ரூபாய் 51 காசு. இரு விடைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு சரியாக அதுவே. ஆகவே உண்மையில் கட்டிய தொகையை வைத்துக் கணக்கிடும் பின்நோக்கு விடைதான் வங்கிக் கணக்கோடு பொருந்தும்.

மாறும் வட்டிக் கடனில் இந்த வேறுபாடு இன்னும் முக்கியமாகிறது. 97-ஆவது மாதம் முதல் வட்டி 8.4% ஆகக் குறைந்தும் வங்கி தவணையை மாற்றவில்லை என்றால், எஞ்சிய தவணைகள் 144 அல்ல. பழைய எண்ணிக்கையோடு முன்நோக்குச் சூத்திரத்தைப் போட்டால் நிலுவை தவறாகவே வரும். வட்டி மாறிய நாளின் நிலுவையைப் பின்நோக்கு முறையில் கண்டு, அதைப் புதிய கடனாகக் கொண்டு, 17,995 ரூபாயில் அது எத்தனை மாதங்களில் தீரும் என்று கணக்கிட வேண்டும். 137 தவணைகளில் அது தீர்ந்துவிடும். அவற்றிலும் கடைசித் தவணை சற்றுச் சிறியதாக இருக்கும்.