முந்தி வாற தலையிடிதானா இது?

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையை முடித்து நாலு வருடமான ஒருவருக்குத் தலையிடி வந்தால், அனுபவமுள்ள வைத்தியர் "எவ்வளவு இடிக்குது?" என்பதோடு விடமாட்டார். "இது முந்தி வாற தலையிடிதானா?" என்றும் கேட்பார். கட்டிலோடு போட்டுவிடும் ஒற்றைத் தலையிடி ஒன்றும் செய்யாமல் போய்விடலாம். பனடோலுக்கு அடங்கும் மெல்லிய பாரம் மூளைக்கு நோய் பரவியதால் வந்திருக்கலாம்.

சுன்னாகத்தில் 52 வயது அக்கா ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இளவயதிலிருந்தே அவருக்கு ஒற்றைத் தலையிடி உண்டு. வலப்பக்கம் துடிக்கும், வெளிச்சம் கூசும், இருட்டறையில் படுத்தால் அடுத்த நாள் தெளியும். இப்போது வருவது வேறு. பிடரியில் பாரம். முதல் கிழமை இரண்டு நாள்தான் வந்தது, மூன்றாம் கிழமையில் ஒவ்வொரு நாளும். விடியப்புறம் அதுவே எழுப்பிவிடுகிறது; எழும்பி நடமாடினால் கொஞ்சம் குறைகிறது. முன்பு படுத்தால் சுகம், இப்போது படுத்தால்தான் கூடுகிறது. முற்றம் கூட்டக் குனிந்தால் பிடரியில் இடிக்கிறது. தேத்தண்ணி குடிக்க முதலே, ஓங்காளம்கூட இல்லாமல் சத்தி. "காஸ்ட்ரிக்காக்கும்" என்று குளிசை வாங்கிப் போட்டார். பிறகு கிணற்றடிக்குப் போகச் சுவரைப் பிடிக்க வேண்டி வந்தது.

மூளைக்குத் தனக்கென்று வலி உணர்வு இல்லை. அதைப் போர்த்திய சவ்வும் அங்குள்ள பெரிய இரத்தக்குழாய்களும்தான் வலியை உணரும். மண்டையோடோ தேங்காய்ச் சிரட்டை மாதிரி, விரியாது. மூளை, இரத்தம், மூளைத் தண்டுவடத் திரவம் மூன்றும் அதற்குள் அளவோடு இருக்கின்றன. இரத்தத்தோடு வந்த புற்றுநோய்க் கலங்கள், நடையின் சமநிலையைப் பார்க்கும் சிறுமூளையில் கட்டியாக வளர்ந்தால், அதைச் சுற்றியுள்ள குழாய்கள் கசிந்து வீக்கமும் சேரும். கட்டியைவிட வீக்கம் பெரிதாயிருப்பதும் சாதாரணம். சிறுமூளை இருக்கும் பின்பக்கக் குழியோ ஒடுக்கமானது. அதன் முன்னால்தான் திரவம் வெளியேறும் வழி இருக்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லிலீற்றர் திரவம் சுரக்கும். வழி நெரிந்தால் அது தேங்கி அழுத்தம் ஏறும்.

படுத்திருக்கும்போது தலையிலிருந்து இரத்தம் வடிவது மெதுவாகும். நித்திரையில் மூச்சு ஆழமில்லாததால் இரத்தத்தில் கரியமிலவாயு சற்றுக் கூடி, மூளையின் குழாய்கள் விரியும். ஏற்கெனவே இடமில்லாத மண்டைக்குள் இந்தக் கொஞ்சமே போதும். விடியப்புற வலி இதனால்தான். இருமல், முக்கல், குனிதல் எல்லாம் அழுத்தத்தை ஒரு கணம் கூட்டும். வாந்தியைத் தூண்டும் பகுதி அந்தத் திரவ வழியின் தரையிலேயே இருக்கிறது; வயிற்றில் கோளாறு இல்லாமலே சத்தி வருவது அதனால்.

ஆனால் விடியப்புற வலி இல்லை என்று ஆறுதல்படக் கூடாது. மூளைக் கட்டி உள்ள 111 பேரை 1993இல் நரம்பியல் வைத்தியர்களான ஃபோர்சைத்தும் போஸ்னரும் ஆராய்ந்தார்கள். அவர்களில் தலையிடி இருந்தது ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான். அந்தத் தலையிடிகளில் 77 வீதம் சாதாரண இறுக்கத் தலையிடி போலவே இருந்தன; பாடப்புத்தகம் சொல்லும் விடியப்புறத் தலையிடி 17 வீதம்தான். ஆகவே புதிதாக வந்ததா, கிழமைக்குக் கிழமை கூடுகிறதா, பழைய தலையிடி குணம் மாறியதா என்பதே பெரிய கேள்வி. கூடவே கை விறைப்பு, பேச்சுத் தடுமாற்றம், பார்வை இரட்டித்தல், குணமாற்றம் ஏதும் சேர்ந்தால் சந்தேகம் வலுக்கும்.

எல்லாப் புதுத் தலையிடியும் கட்டியல்ல. சத்தியை நிறுத்தத் தரும் ஒன்டன்செட்ரொனே தலையிடி தரும். மாதத்தில் 15 நாளுக்கு மேல் பனடோல் போடுவதும் அப்படியே. இன்னொன்று கவனிக்க வேண்டியது: புற்றுநோயும், மார்பகப் புற்று திரும்பாதிருக்க எடுக்கும் தமொக்சிபென் குளிசையும் இரத்தத்தை உறையச் செய்யக்கூடியவை, மூளையின் நாளத்திலும் உறைவு வரலாம்.

எங்கள் ஆட்கள் ஒரு தவறு விடுவார்கள். பக்கத்து டிஸ்பென்சரியில் தலையிடியை மட்டும் சொல்வார்கள். "அது சுகமாயிட்டுதே" என்று மார்பு ஒப்பரேஷனைச் சொல்லமாட்டார்கள். அதுவும் HER2 என்ற புரதம் கூடிய மார்பகப் புற்று வகையில் உடம்பு துப்புரவாக இருக்க மூளையில் மட்டும் நோய் தலைகாட்டலாம், ஏனெனில் அந்த வகைக்குக் கொடுக்கும் ட்ராஸ்டுசுமாப் போன்ற பெரிய மூலக்கூறு மருந்துகள், இரத்தத்திலிருந்து மூளைக்குள் போவதை மறிக்கும் இரத்த-மூளைத் தடுப்பைச் சரிவரத் தாண்டுவதில்லை.

அந்த அக்காவை வைத்தியர் ஒரு காலின் குதியை மற்றக் காலின் விரல் நுனியோடு ஒட்டி வைத்துக் கோட்டில் நடக்கச் சொல்வார், கண்ணின் பின்புறம் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். சாய ஊசி போடாத சீரீ ஸ்கான் சிறு கட்டிகளைத் தவறவிடலாம், சிறுமூளைப் பக்கம் தடித்த எலும்பு படத்தைக் குழப்பும். சாயம் போட்ட எம்ஆர்ஐதான் தெளிவு. ஸ்கான் "நோர்மல்" என்றாலும் எந்த ஸ்கான் என்று கேட்க வேண்டும். நித்திரை மயக்கம், வலிப்பு, திடீரென்று வெடித்தாற்போன்ற வலி வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

ஸ்டீரொய்ட் மருந்தான டெக்ஸாமெதசோன் கொடுத்ததும் ஓரிரு நாளில் தலையிடி விட்டுவிடுவதுண்டு. அது வீக்கத்தைத்தான் வற்றச் செய்தது, கட்டி அங்கேயே இருக்கிறது. சுகம் என்று அந்தக் குளிசையைத் திடீரென நிறுத்தினால் வீக்கம் திரும்பும். நீண்ட நாள் எடுத்தவருக்கு உடம்பின் சொந்த ஸ்டீரொய்ட் சுரப்பும் குறைந்திருக்கும். அதனால் வைத்தியர் சொன்ன அளவில் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.