மூலைக்கு மூலை ஒரு டேப்

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: மூலைமட்டம் வைத்துப் பார்த்தபோது சரியாக இருந்த ஜன்னல் கதவுச் சட்டம், பசை காய்ந்த பிறகு நிலையில் பொருந்த மறுப்பது ஏன்? புதுவீட்டு வாசலில் எலுமிச்சை கட்டாமல் விட்டதுதான் காரணம் என்று உறவினர் ஒருவர் சொன்னாராம். எலுமிச்சைக்கு இதில் பங்கில்லை. மூலைமட்டத்தின் நீளத்துக்குத்தான் பங்கு உண்டு.

எதிர்ப்பக்கங்கள் சமமாக இருக்கும் நாற்கரத்தில் மூலைவிட்டங்களும் சமமானால் அது செவ்வகம் என்பது பள்ளிப் பாடம். உட்புறம் 600 மி.மீ. அகலமும் 800 மி.மீ. உயரமும் கொண்ட சட்டத்தில் இரண்டு மூலைவிட்டங்களும் 1000 மி.மீ. இருக்க வேண்டும். மேல்கட்டை பக்கவாட்டில் 5 மி.மீ. நகர்ந்துவிட்டதாகக் கொள்வோம். ஒரு மூலைவிட்டம் 1003 ஆக நீளும், மற்றது 997 ஆகக் குறுகும். அதே கோணலை 150 மி.மீ. நீள மூலைமட்டத்தில் பார்த்தால், அதன் நுனியில் தெரியும் இடைவெளி ஒரு மி.மீ.கூட இராது, டேப்பிலோ 6 மி.மீ. வித்தியாசம் பளிச்சென்று நிற்கிறது. ஒன்று கூடும்போதே மற்றது குறைவதால் பிழை தானாகவே இரட்டித்துக் காட்டப்படுகிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம்.

டேப்பின் கொக்கி சற்று ஆடும் என்பதால், 10 செ.மீ. கோட்டை மூலையில் வைத்து அளப்பது நல்லது. மூலையில் பிதுங்கிய பசையை முதலில் துடைத்துவிட வேண்டும்.

திருத்தும்போது பலர் நீளமான மூலைவிட்டத்தை 6 மி.மீ. குறைக்கப் பார்க்கிறார்கள். மூன்று குறைத்தாலே போதும், மற்றது மூன்று தானாக நீளும். கட்டைக்கு இணையாக நிற்கும் கிளாம்ப்புகளைச் சற்றுத் தளர்த்தி, நீள மூலைவிட்டம் சாய்ந்திருக்கும் திசையிலேயே சிறிது சாய்த்து மீண்டும் இறுக்கினால், அழுத்தத்தின் ஒரு பங்கு அந்த மூலைவிட்டத்தைச் சுருக்கும். கோணல் உண்டானதும் பெரும்பாலும் இப்படித்தான்: கிளாம்ப் தெரியாமல் சாய்ந்திருந்திருக்கும். ஒவ்வொரு முறை இறுக்கிய பின்னும் இரண்டு மூலைவிட்டங்களையும் மறுபடி அளக்க வேண்டும்.

இதற்குக் கிடைக்கும் நேரம் குறைவு. வெள்ளைப் பசை தன் நீரை மரத்துக்கும் காற்றுக்கும் இழந்து இறுகுவது. தருமபுரியின் சித்திரை வெயிலில், உலர்ந்த வேப்பங்கட்டையில், சில நிமிடங்களிலேயே கழுந்து துளைக்குள் நகர மறுக்கத் தொடங்கும். அதன்பின் வலிந்து தள்ளினால் பாதி இறுகிய பசைப் படலம் கிழிந்து, இணைப்பு பலமிழக்கும். அதனால் பசை தடவும் முன்பே ஒருமுறை வெறுமனே பூட்டி அளந்து பார்ப்பது என் வழக்கம்.

இந்தச் சோதனைக்குப் பிடிபடாத பிழைகளும் உண்டு. மேல்கட்டை கீழ்க்கட்டையைவிடக் குட்டையாக இருந்தால் சட்டம் சரிவகமாகிவிடும். இருபுறமும் ஒரேபோலச் சரிந்திருந்தால் அப்போதும் மூலைவிட்டங்கள் சமமாகவே இருக்கும். ஆகவே எதிர்க்கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து முதலிலேயே ஒப்பிட்டிருக்க வேண்டும். சட்டம் முறுக்கிக்கொண்டிருந்தாலும் டேப் காட்டாது. சமமான மேசையில் கிடத்தி, எந்த மூலை தூக்கி நிற்கிறது என்று விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும்.