ராணியைக் கொடுத்து குதிரையால் மேட்

செஸ்ஸில் குதிரை தனியாக மேட் கொடுப்பது அரிது. ஆனால் எதிராளியின் ராஜாவை அவருடைய காய்களே சூழ்ந்து நின்றால் குதிரை ஒன்றே போதும். காரணம், அதன் செக்கை நடுவில் காய் வைத்து மறைக்க முடியாது. இதைத்தான் ஸ்மதர்டு மேட் என்கிறோம். 1497-ல் வெளியான லுசேனாவின் நூலிலேயே இது இருக்கிறது. ஆனாலும் இதன் புகழ்பெற்ற வடிவத்துக்குப் பின்னாளில் வந்த ஃபிலிடோரின் பெயரே ஒட்டிக்கொண்டது.

பலகையில் வைத்துப் பாருங்கள். கறுப்பு ராஜா g8, யானை e8, ராணி b2, சிப்பாய்கள் g7, h7. வெள்ளைக் குதிரை g5-ல், ராணி h4-ல். வெள்ளை ராஜா g1-ல், அதன் முன்னே f2, g2, h2 சிப்பாய்கள். ஆட்டம் வெள்ளையுடையது.

```
1.Qc4+ Kh8 2.Nf7+ Kg8
3.Nh6+ Kh8 4.Qg8+ Rxg8 5.Nf7#
```

முதல் செக்குக்கு ராஜா f8-க்குப் போனால் ராணி f7-ல் வந்து அங்கேயே மேட். குறுக்கே யானையை e6-ல் வைத்தாலும் ராணி அதை வெட்டிவிடும், மேட் அடுத்த நகர்விலேயே வரும். அதனால் ராஜா மூலைக்குப் போகிறது.

மூன்றாவது நகர்வுதான் இதன் உயிர். குதிரை h6-க்குத் தாவும்போது அதுவும் செக், பின்னால் c4-ல் நிற்கும் ராணியும் செக். g7 சிப்பாய் குதிரையை வெட்டினால் ராணியின் செக் அப்படியே நிற்கும். இரட்டைச் செக்குக்கு ராஜா நகர்வது ஒன்றே வழி. f8-க்கு நகர்ந்தால் இப்போதும் f7-ல் மேட்.

பிறகு ராணி g8-க்குள் நுழைகிறது. h6 குதிரை காவல் இருப்பதால் ராஜா அதைத் தொட முடியாது, யானைதான் வெட்டியாக வேண்டும். வெட்டியதும் ராஜாவின் கடைசிக் கட்டமும் அடைபடுகிறது. குதிரை f7-க்குத் திரும்பினால் ஆட்டம் முடிந்தது.

ராணியைக் கொடுக்கும் முன் f7-ஐப் பாருங்கள். கறுப்பு ராணி e7-ல் இருந்தால் இரண்டாம் நகர்விலேயே குதிரையை வெட்டிவிடும். யானை e8-க்குப் பதில் f8-ல் இருந்தாலும் வெட்டும். ஆனால் அப்போது இந்த வழியே தேவையில்லை, முதல் நகர்விலேயே வெள்ளை ராணி h7 சிப்பாயை வெட்டினால் மேட். h7 சிப்பாய் முன்பே h6-க்கு நகர்ந்திருந்தால் ராஜா h7 வழியே தப்பிவிடும். கோட்டை கட்டியபின் அந்த ஒரு நகர்வைப் பலர் ஆடி வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அனஸ்தாசியா மேட்டில் குதிரை செக் கொடுப்பதில்லை, கதவுகளை மூடுகிறது. வெள்ளைக் குதிரை e7-ல் நின்றால் g8, g6 இரண்டும் அதன் பிடியில். ராஜா h8-ல், சிப்பாய்கள் g7, h7-ல் இருக்கும்போது ராணி h7 சிப்பாயை வெட்டிச் செக் வைக்கும், ராஜா வெட்டியே ஆகவேண்டும். அடுத்து e3-ல் காத்திருந்த யானை h3-க்கு வந்தால் மேட். ராஜாவுக்கு மிஞ்சும் g7-ஐ அதன் சொந்தச் சிப்பாயே அடைத்திருக்கிறது. அந்தச் சிப்பாய் g6-ல் இருந்தால் g7 திறந்துகிடக்கும், ராணி வீணாகப் போய்விடும்.