ஒரே அடுப்பு, ஒரே குழம்பு, ஒருவருக்கு மட்டும் குறைந்த கலோரி

நால்வர் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அம்மா தம் எடையைக் குறைக்க முயல்கிறார். அப்பாவுக்கும், பதினான்கும் ஒன்பதும் வயதான பிள்ளைகளுக்கும் அந்தத் தேவை இல்லை. இத்தகைய வீடுகளில் வழக்கமாக இரண்டில் ஒன்று நடக்கிறது. அம்மா தமக்கென்று தனியாக ஏதோ சமைத்து இரண்டு வாரத்தில் சலித்துப்போகிறார். அல்லது எல்லோருக்கும் எண்ணெயும் தேங்காயும் குறைக்கப்பட்டு, வளரும் பிள்ளைகள் அரைத் தட்டோடு எழுந்துவிடுகிறார்கள். சிறு பிள்ளையின் வயிறு சிறியது, உடலின் தேவையோ அதிகம். ஆகவே கொஞ்சம் சோற்றிலேயே நிறையச் சக்தி கிடைக்க, அதில் கொழுப்பு இருந்தாக வேண்டும். அதே நெய், எடை குறைப்பவரின் தட்டில் தேவைக்கு மேற்பட்ட சுமையாகிறது. எனவே சமையல் ஒன்றாகவே இருந்து, சக்தி மட்டும் இரண்டாகப் பிரிய வேண்டும். அதை எந்தக் கட்டத்தில் பிரிப்பது என்பதே கேள்வி.

ஒரு கிராம் கொழுப்பில் ஏறத்தாழ 9 கலோரியும், ஒரு கிராம் மாவுச்சத்திலோ புரதத்திலோ ஏறத்தாழ 4 கலோரியும் இருக்கின்றன. தண்ணீரில் எதுவும் இல்லை. (நாம் பேச்சில் கலோரி என்பது கிலோகலோரியைத்தான்; இங்கும் அப்படியே எழுதுகிறேன்.) நூறு கிராம் முட்டைக்கோஸில் 25 கலோரி அளவே உள்ளது, அதைத் தாளிக்க ஊற்றும் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில், அதாவது 30 மில்லியில், 250 கலோரி இருக்கிறது. தேங்காய்த் துருவலும் நூறு கிராமுக்கு 350 கலோரி வரை தரும். ஆக, நம் பொரியலில் சக்தி காயில் இல்லை, காயின் மேல் சேர்ப்பவற்றில் இருக்கிறது. அவை சேரும் முன்பே பாத்திரத்தைப் பிரித்துவிட்டால் வேலை முடிந்தது.

முட்டைக்கோஸ் பொரியலைக் கணக்கோடு பார்ப்போம். அரைக் கிலோ கோஸ், 10 கிராம் உளுத்தம்பருப்பு, 30 மில்லி எண்ணெய், 60 கிராம் தேங்காய்த் துருவல் எல்லாம் சேர்ந்தால் சுமார் 620 கலோரி. நால்வருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 155. இப்போது முறையை மட்டும் மாற்றுவோம். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, கோஸைப் போட்டு, ஒரு கை தண்ணீர் தெளித்து மூடி வேகவிட வேண்டும். பெருங்காயம், கறிவேப்பிலை ஆகியவற்றின் மணப்பொருள்கள் தண்ணீரைவிட எண்ணெயில் எளிதாகக் கரைபவை. ஆனால் அவற்றைக் கரைத்தெடுக்கச் சிறிதளவு சூடான எண்ணெயே போதும். வெந்ததும் பாத்திரத்தில் இருப்பது மொத்தம் 200 கலோரி, எடை ஏறத்தாழ 420 கிராம். இதிலிருந்து 150 கிராமை அம்மாவுக்கு எடுத்து வைத்தால், அது 70 கலோரிதான். மீதியில் 60 கிராம் தேங்காயையும், நாஞ்சில் நாட்டு வழக்கப்படி 20 மில்லி பச்சைத் தேங்காயெண்ணெயையும் சேர்த்துக் கிளறி இறக்கினால், மற்ற மூவருக்கும் ஆளுக்கு 165 கலோரிக்குச் சற்று மேல் கிடைக்கும். அவர்களுக்கு எதுவும் குறையவில்லை.

சாம்பாரில் இந்தப் பிரிவினை தேவையில்லை. 120 கிராம் துவரம்பருப்பு, கால் கிலோ காய், புளி, பொடி, தாளிக்க 20 மில்லி எண்ணெய் என்று வைத்த சாம்பார் 1,400 கிராம் வரும். மொத்தம் 700 கலோரி. இரு நூறு கிராம் ஊற்றிக்கொண்டால் 100 கலோரி, அதில் தாளிப்பு எண்ணெயின் பங்கு 25-க்கும் குறைவு. தண்ணீர் சாம்பாரை அவ்வளவு நீர்க்கச் செய்துவிடுகிறது. அம்மா இதைப் பிரிக்காமல், இன்னும் ஒரு கரண்டி கூடுதலாகவே ஊற்றிக்கொள்ளலாம். அடியில் தேங்கும் பருப்பைக் கலக்கிவிட்டு முகக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். மேலே தெளிந்து நிற்பதும் அடியில் கிடப்பதும் ஒரே சாம்பார் அல்ல.

சோற்றில்தான் பெரும்பாலோர் கணக்குத் தவறுகிறது. 400 கிராம் அரிசியில் 1,400 கலோரி உள்ளது. அளவாகத் தண்ணீர் வைத்து வடித்தால் 1,100 கிராம் சோறு வருகிறது என்றால், நூறு கிராமுக்கு 127 கலோரி. அதே அரிசியைக் குழைய வைத்து 1,300 கிராமாக்கினால் நூறு கிராமுக்கு 108-தான். கலோரிப் பட்டியலில் அரிசிக்கு உள்ள அளவைச் சோற்றுக்குப் போட்டால் கணக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு பெருகிவிடும். சோற்றுக்கு உள்ள அளவை அரிசிக்குப் போட்டால் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். எந்தப் பட்டியலையும் நம்பாத வழி ஒன்று உண்டு. வெறும் பாத்திரத்தின் எடையை ஒருமுறை குறித்துக்கொண்டு, சோற்றோடு நிறுத்து, அதைக் கழித்துவிட வேண்டும். பிறகு அம்மா எடுத்தது மொத்தத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்று பார்த்தால் போதும். 1,100-ல் 200 கிராம் எடுத்தால், 1,400 கலோரியில் அதே விகிதம், அதாவது 255. (வடித்த கஞ்சியோடு கொஞ்சம் மாவுச்சத்து போய்விடுகிறது, அந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம்.)

இனி தட்டைப் பார்ப்போம். முன்பு 300 கிராம் சோறு, 200 கிராம் சாம்பார், கால் பங்கு பொரியல், ஒரு தேக்கரண்டி நெய்: சுமார் 680 கலோரி, 630 கிராம் உணவு. இப்போது 200 கிராம் சோறு, 250 கிராம் சாம்பார், 150 கிராம் பொரியல்: 450 கலோரி, 600 கிராம் உணவு. கலோரியில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தும் எடை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பார்பரா ரோல்ஸ் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இதைத்தான்: ஒரு வேளைக்கு மனிதர் உண்ணும் கலோரியைவிட, உண்ணும் அளவே அதிகம் மாறாமல் இருக்கிறது. ஆகவே அளவைக் குறைக்காமல் கிராமுக்கு உள்ள கலோரியைக் குறைத்தால் பசி குறைவாகவே எதிர்ப்புக் காட்டும். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் மட்டும் சோற்றைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். மருந்தின் அளவு மாறாமல் சோறு மட்டும் குறைந்தால் சர்க்கரை அபாயமாக இறங்கலாம்.

பிரிக்கவே முடியாத சமையலும் உண்டு. எண்ணெய் பிரியும்வரை வதக்கிய காரக்குழம்பில் எண்ணெய் தொடக்கத்திலேயே எல்லாவற்றிலும் ஊறிவிடுகிறது. கத்தரிக்காய் இன்னும் மோசம்: அதன் சதையில் காற்றறைகள் நிறைந்திருப்பதால் பஞ்சுபோல் எண்ணெயை உறிஞ்சிக்கொள்கிறது. முதலில் ஆவியில் வேகவைத்தால் அந்த அறைகள் சரிந்துவிடுவதால் பிறகு குறைவாகவே குடிக்கும். ஆனால் அது எண்ணெய்க் கத்தரிக்காயின் சுவை அல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட நாளில் குழம்பைச் சிறிய கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, பொரியலைக் கூட்டிக்கொள்வதே என் பரிந்துரை.

இத்தனைக்குப் பிறகும் நான்கு வாரமாக எடையின் சராசரி அசையவில்லை என்றால் (ஒருநாள் எடை உப்பாலும் நீராலும் ஒரு கிலோகூட ஆடும்), பொரியல் கணக்கை மறுபடி போடுவதற்கு முன் அடுப்படியைக் கவனிக்க வேண்டும். சமைப்பவரே எடை குறைப்பவராக இருக்கும் வீட்டில், உப்புப் பார்க்க வாயில் போட்டதும், வீணாகக்கூடாது என்று பிள்ளையின் தட்டிலிருந்து வழித்துச் சாப்பிட்ட நெய்ச்சோறும் எந்தத் தராசிலும் ஏறுவதில்லை. ஒரு வாரம் அந்த மிச்சத்தை ஒரு கிண்ணத்தில் சேர்த்து, இரவில் நிறுத்துப் பார்த்தால், காணாமற்போன கலோரி பெரும்பாலும் அங்கேயே கிடக்கும்.