தாமதம் என்றால் எத்தனை நிமிடம்?

பகலில் மென்பொருள் சோதனையாளராகவும் மாலையில் புதுச்சேரி லாஸ்பேட்டையில் நிரலாக்கம் கற்றுத்தருபவனாகவும் இருப்பதால், கல்லூரி அசைன்மென்ட் தாள்கள் அடிக்கடி என் கைக்கு வரும். கடலூரிலிருந்து பேருந்தில் வரும் மாணவி ஒருவர் சென்ற மாதம் கொண்டுவந்த தாளில் இருந்தது இவ்வளவே: “ஸ்கூட்டர் வாடகைக் கடைக்குக் கட்டணம் கணக்கிடும் நிரல் எழுதுக. நாள் வாடகை 400 ரூபாய். தாமதமானால் மணிக்கு 50 ரூபாய். உள்ளீடு: வண்டி வெளியே இருந்த நேரம்.”

அவர் மடிக்கணினியைத் திறக்கும் முன்பே, ஒரே ஒரு உதாரணத்தைக் காகிதத்தில் கையால் போட்டுப் பார்க்கச் சொன்னேன். 33 மணி நேரம் என்று எழுதியவர், எத்தனை நாளுக்குப் பேசி எடுத்த வண்டி என்று தெரியாததால் அங்கேயே நின்றுவிட்டார். தாமதம் என்பது பேசிய கெடுவைப் பொறுத்தது. அந்த நாள் கணக்கு உள்ளீட்டிலேயே இல்லை. முழுத் தாளையும் மூன்று முறை படித்தும் கண்ணில் படாத குறை, ஒரு வரி எண்ணை எழுதியதும் வெளிப்பட்டது.

அடுத்து எழுந்த கேள்விகளை ஆசிரியரிடம் கேட்கும்படி எழுதித் தந்தோம். நாள் என்பது 24 மணி நேரமா, நள்ளிரவோடு முடிவதா? ஒரு நிமிடத் தாமதத்துக்கும் முழு மணிக் கட்டணமா? ஒன்பது மணி நேரத் தாமதத்துக்கு 450 ரூபாய் ஆகிறதே, அது ஒரு நாள் வாடகையையே மிஞ்சலாமா? “தெளிவாகச் சொல்லுங்கள்” என்று பொதுவாகக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. இப்படி எண்ணோடு கேட்டால் ஒரே சொல்லில் வந்துவிடும். நாள் 24 மணி நேரம், தொடங்கிய மணி முழு மணி, தாமதக் கட்டணம் ஒவ்வொரு கூடுதல் நாளுக்கும் 400 ரூபாயைத் தாண்டாது என்று பதில் வந்தது. பதிலே வராமல் போயிருந்தால், நாங்களாகக் கொண்ட அனுமானத்தை நிரலின் முதல் வரிகளில் குறிப்பாக எழுதியிருப்போம்.

பிறகு பேசிய நாள், வண்டி வெளியே இருந்த மணி, நிமிடம் என்ற வரிசையில் உள்ளீடும், அம்புக்குறிக்குப் பின் கட்டணமுமாக ஐந்து மாதிரிகள் எழுதினோம்.

```
1 24 0 -> 400
1 24 1 -> 450
1 32 0 -> 800
1 33 0 -> 800
1 49 0 -> 850
```

மூன்றாம் வரி பார்க்க நன்றாக இருந்தாலும், உச்சவரம்பை மறந்த நிரலும் அதற்கு 800 என்றே காட்டும் என்பதால் தனித்து நின்றால் பயனற்றது. அத்தகைய நிரலை 850 காட்டவைத்துப் பிடிப்பது நான்காம் வரிதான். விடைகளைக் கையால்தான் கணக்கிட வேண்டும். நிரலை ஓட்டி, அது காட்டியதையே மாதிரியாக எழுதிவைக்கும் பழக்கம் வேலைக்கு வந்தவர்களிடமும் இருக்கிறது. அப்படி எழுதினால் பிழையும் மாதிரியாகிவிடும்.

மறுநாள் அவர் C மொழியில் எழுதிவந்த நிரல் இரண்டாம் வரிக்கு 450-க்குப் பதிலாக 400 காட்டியது. முழு எண் வகுத்தலில் ஒரு நிமிடம் காணாமல் போயிருந்தது. `late / 60` என்றிருந்ததை `(late + 59) / 60` என்று அவரே திருத்தினார்.